பணிப்பட்டியலின் வரிகள் ஒரே வினைவடிவில் முடியட்டும்

குழுவுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் செய்யவேண்டிய வேலைகளைப் புள்ளியிட்டு எழுதும்போது, எல்லா வரிகளையும் ‘அனுப்பவும்’, ‘சரிபார்க்கவும்’ என ஒரே வடிவில் முடித்து, அனுப்புமுன் வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தமிழில் வினை பெரும்பாலும் இறுதியில் வருவதால், பிசகிய வரி அங்கேயே கண்ணில் படும். ‘விலைப்புள்ளியை வெள்ளிக்குள் அனுப்பவும்’ என்பதை அடுத்து ‘ஜிஎஸ்டி எண் சரிபார்ப்பு’ என்று வந்தால், சரிபார்த்தாயிற்றா, இனிமேல்தானா என்பது விளங்காது. ‘வாடிக்கையாளரிடம் பேச வேண்டும்’ என்று வந்தாலோ, எழுதியவரே பேசிக்கொள்வார் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். ‘சரிபார்க்கவும்’ என்று மாற்றியதும் யார், எதற்குள் என்ற கேள்விகள் தாமாக எழும். ‘கணக்குப் பிரிவு: ஜிஎஸ்டி எண்ணை வியாழனுக்குள் சரிபார்க்கவும்’ என்று வரி முழுமையடையும்.

முடிந்த வேலைகளையும் வெறும் தகவல்களையும் இந்த வடிவில் திணிக்க வேண்டாம். ‘புதிய விலை திங்கள் முதல் நடைமுறைக்கு வருகிறது’ போன்ற வரி பட்டியலுக்கு வெளியே தனிப் பத்தியாக இருக்கட்டும். மேலதிகாரியிடம் ஒப்புதல் கேட்கும் வரியும் அப்படித்தான், ஏனெனில் ‘ஒப்புதல் தரவும்’ என்பது அங்கே சற்றுக் கறாராக ஒலிக்கும்.