டாப் சர்ஜரி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: டிரெயின் கவனிப்பு, உண்மையான காலக்கணக்கு, வீட்டார் செய்யவேண்டியது

பெங்களூரில் டாப் சர்ஜரி செய்துகொண்டு வீடு திரும்பும் திருநம்பிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் அம்மா, அக்கா, நண்பர்களுக்கும் இது. மார்பின் கீழ் இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி, திசுவை எடுத்து, காம்பைச் சின்னதாக்கி மறுபடி ஒட்டும் முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு நடந்தது அதுதான். சின்ன மார்புக்குச் செய்யும் சாவித்துளை முறையில் காலக்கணக்கு வேறு. எங்கேயாவது உங்கள் சர்ஜன் சொன்னதும் நான் சொல்வதும் முரண்பட்டால், சர்ஜன் சொன்னதைக் கேளுங்கள்.

1. ஆபரேஷனுக்கு முந்தைய நாளே வீட்டுச் சாமானைக் கீழே இறக்கி வைக்கவும்

கை தோளுக்கு மேலே போகக்கூடாது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டம்ளர், மாத்திரை டப்பா, சார்ஜர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரியதாக நான்கு போதும். மல்லாந்து, முதுகைச் சாய்த்துத்தான் தூங்கவேண்டும். அதற்கென்று விற்கும் சரிவுத் தலையணை எனக்குப் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. சுவரோரம் கட்டில், முதுகுக்கு மூன்று தலையணை, இரண்டு முழங்கைக்கும் அடியில் மடித்த போர்வை என்று அடுக்கியது நன்றாக நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆட்டோ வேண்டாம், கார் பிடியுங்கள். நம்ம ஊர் வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள்.

2. டிரெயின்: இதை மட்டும் நிதானமாகப் படிக்கவும்

திசு எடுத்த இடத்தில் ரத்தமும் நீரும் ஊறும். அது உள்ளேயே தேங்கினால் தோல் கீழே ஒட்டாது. அதனால் பக்கத்துக்கு ஒரு குழாய் வைத்து வெளியே ஒரு டப்பாவில் இழுக்கிறார்கள், அதுதான் டிரெயின். இங்கே பெரும்பாலும் கொடுப்பது கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் டப்பா. அமுக்கி மூடினால் விரியப் பார்க்கும், அந்த இழுப்பில்தான் நீர் வருகிறது. டப்பா முழுக்க விரிந்து உப்பிக் கிடந்தால் அது வேலை செய்யவில்லை.

காலி செய்யும் வரிசை இது. கையைச் சோப்பு போட்டுக் கழுவவும். குழாயில் உள்ள கிளாம்பை மூடவும். டப்பாவின் மூடியைத் திறந்து நீரை அளவுக் கோப்பையில் ஊற்றவும். டப்பாவைத் தட்டையாக அமுக்கி, அமுக்கியபடியே மூடியைப் போடவும். கடைசியில்தான் கிளாம்பைத் திறக்கவும். மூடி போடுவதற்கு முன்னால் கிளாம்பைத் திறந்தால் வெளிக்காற்று குழாய்க்குள் ஏறும். டப்பா எப்போதும் நெஞ்சுக்குக் கீழே தொங்கட்டும். சட்டையில் ஊக்கு குத்துவதைவிட, துணி வேட்டி பெல்ட்டில் கட்டிவிடுவது நல்லது. கட்டாமல் விட்டால் பாத்ரூமில் எழும்போது அதன் பாரம் தையலை இழுக்கும்.

அளவுக்கு டப்பாவில் அச்சிட்ட கோடுகளை நம்பாதீர்கள், அமுக்கி வைத்திருக்கும்போது அது சரியாகக் காட்டாது. மருந்துக்கடையில் ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, கோப்பையிலிருந்து உறிஞ்சிப் பாருங்கள். காலை ஒருமுறை, ராத்திரி ஒருமுறை அளந்து, வலது இடது தனித்தனியாக எழுதிக் கூட்டவும். சில இடங்களில் இரண்டு குழாயையும் ஒரே டப்பாவில் சேர்த்துவிடுவார்கள். முடியுமானால் ஆபரேஷனுக்கு முன்பே தனித்தனி டப்பா கேளுங்கள். ஏன் என்று இப்போது தெரியும்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாதான் எழுதினார். முதல் நாள் வலது 80, இடது 75. அடுத்த நாள் 55, 50. மூன்றாம் நாள் வலது 40, இடது 5. "இடது பக்கம் நின்னுடுச்சு தம்பி, நல்லதுதான்" என்றார் அம்மா. ஆனால் நீர் அப்படிச் சட்டென்று நிற்காது, படிப்படியாகத்தான் குறையும். இடது பக்கம் கட்டு இறுகியது போல் இருந்தது. குழாய் தோலுக்குள் போகும் இடத்தில் பஞ்சு நனைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குழாயின் உள்ளே அடர்சிவப்பு நூல் மாதிரி உறைந்த ரத்தம். அதுதான் அடைப்பு. போக வழியில்லாத நீர், குழாயைச் சுற்றிக் கசிந்துகொண்டிருந்தது.

போனில் டியூட்டி நர்ஸ் சொல்லச் சொல்ல அம்மா செய்தார். தோலுக்குப் பக்கத்தில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடிக்கவேண்டும். இது முக்கியம், இல்லாவிட்டால் தையல் பிய்யும். இன்னொரு கையின் இரண்டு விரலில் சானிடைசர் ஜெல் தடவி, குழாயை நசுக்கியபடி டப்பாவை நோக்கி மெதுவாக வழித்துக்கொண்டே போகவேண்டும். மூன்றாவது வழிப்பில் அந்த நூல் வழுக்கி டப்பாவில் விழுந்தது. ராத்திரி அளவு இடது 35 காட்டியது. இப்படி வழிப்பதைச் சில சர்ஜன்கள் விரும்புவதில்லை. டிஸ்சார்ஜ் அன்றே "குழாயை வழிக்கலாமா, எத்தனை மணிக்கு ஒருமுறை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் நர்ஸை ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, வீட்டில் செய்யப்போகிறவர் அதைப் பார்க்கட்டும்.

அதன்பின் வலது 30, இடது 35, அடுத்த நாள் 22, 28, அதற்கும் அடுத்த நாள் 18, 20 என்று இறங்கியது. நிறமும் சிவப்பிலிருந்து ரோஸ், பிறகு வெளுத்த மஞ்சள். ஒரு பக்கத்துக்கு 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் எடுத்துவிடுவது பொதுவான வழக்கம். சிலர் 20 வரை காத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆகிவிடும், பத்து நாள் ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை. எடுக்கும்போது உள்ளே ஒரு இழுப்பு, எரிச்சல், சில நொடிகள்தான்.

3. எப்போது காத்திருக்கக்கூடாது

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, கெட்டியாகி, வலி ஏறிக்கொண்டே போனால், அல்லது டப்பா புது ரத்தமாக மளமளவென்று நிறைந்தால், உள்ளே ரத்தம் கட்டுகிறது. முதல் இரண்டு நாளில்தான் இது அதிகம். நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள், மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். 100.4 டிகிரி தாண்டிய காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம், சீழ் என்றால் அன்றே டாக்டரைப் பார்க்கவும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேராக எமர்ஜென்சிதான். டிரெயின் எடுத்தபின் தோலுக்கடியில் தண்ணீர் தளும்புவது போல் இருந்தால் நீர் கோத்திருக்கிறது. அவசரமில்லை, ஆனால் சர்ஜன் ஊசியால் எடுக்கவேண்டியிருக்கலாம்.

4. காம்பு கருப்பாகத் தெரிந்தால்

ஐந்திலிருந்து ஏழு நாளில் காம்பின் மேல் தைத்த பஞ்சுக் கட்டைப் பிரிப்பார்கள். கீழே இருப்பதைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். கருப்பாக, காய்ந்த பொருக்காக இருக்கும். ஒட்டிய தோலின் மேற்படலம் உதிர்வதற்கு முன் அப்படித்தான் ஆகும். இரண்டு மூன்று வாரத்தில் தானாக விழுந்து, அடியில் ரோஸ் நிறம் தெரியும். இயல்பான நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், சில இடம் வெளுப்பாகவே நின்றுவிடலாம். பிய்க்கக்கூடாது. ஈரமாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் மட்டும் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஒட்டு பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல். எத்தனை வாரம் முன்னும் பின்னும் நிறுத்தவேண்டும் என்று சர்ஜன் சொல்வதில் பேரம் பேசாதீர்கள்.

5. வீட்டாருக்கு

பெரிய சண்டை சாப்பாட்டில்தான் வரும். "புண்ணு சீழ் வைக்கும்" என்று முட்டை, கறி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி, ரசம் சாதத்தில் பத்தியம் போடுவது நம் வீடுகளில் வழக்கம். காயம் ஆற புரதம் வேண்டும். தினமும் இரண்டு முட்டை, பருப்பு, மீன் அல்லது பன்னீர் கொடுங்கள். வலி மாத்திரையில் டிராமடால் இருந்தால் மலம் கட்டும், முக்கினால் நெஞ்சு வலிக்கும். தண்ணீர், பப்பாளி, டாக்டர் சொன்ன மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே தொடங்கவும். மஞ்சள் பற்று, தேங்காய் எண்ணெய் எதுவும் காயத்தின் மேல் வேண்டாம்.

முதல் வாரத்தில் ஒரு நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, ஒன்றும் செய்யமுடியாமல் படுத்திருப்பது, எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அதைப் பார்த்துவிட்டு "அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பிக்காதீர்கள். தலைக்கு ஊற்றிவிடுங்கள், கழுத்தைப் பின்னால் சாய்த்து, நெஞ்சு நனையாமல். என் அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, சீப்பை எடுத்து வந்து தலை வாரிவிட்டார்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே ஆபரேஷன் ஆனவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் "ஒரு கட்டி எடுத்தாங்க" என்பதோடு நிறுத்தினோம். கட்டு பிரிக்கும்போது யார் அறையில் இருக்கலாம் என்பதும் அவர் முடிவுதான்.

6. காலக்கணக்கு

உட்கார்ந்து செய்யும் வேலை, வீட்டிலிருந்தே என்றால், இரண்டு வாரத்தில் முடியும். ஆபீஸுக்குப் போய்வர மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர், பைக் ஒரு மாதத்துக்கு வேண்டாம், ஹேண்டிலைத் திருப்புவதே நெஞ்சுத் தசைதான். நிறைகுடம், கேன் தண்ணீர், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக்கூடாது. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் வெஸ்ட் மூன்றிலிருந்து ஆறு வாரம் போடவேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் வெல்க்ரோ பட்டை மேலே சுருண்டு அக்குளை அறுக்கும், முன்பக்க ஜிப் வைத்தது வாங்குங்கள். மார்பைத் தட்டையாகக் காட்டப் போட்டுவந்த பழைய பைண்டரை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள், அதன் வேலை வேறு.

மரத்துப்போன உணர்ச்சி மெல்ல மெல்ல வரும், ஒரு வருடம்கூட ஆகலாம். நடுவில் சுரீர் சுரீரென்று கரண்ட் அடிப்பது போல் இருப்பது நரம்பு வளர்வதால். தழும்பு மூன்றாவது மாதத்தில் முதல் மாதத்தைவிடச் சிவப்பாக, தடிப்பாகத் தெரியும். அதை வைத்து முடிவு கட்டவேண்டாம், முழுதாக அடங்க 12 முதல் 18 மாதம். காயம் முழுக்க மூடியபின், சுமார் ஆறாவது வாரத்திலிருந்து சிலிகான் ஷீட் ஒட்டலாம். ஜெல்லைவிட ஷீட் எனக்குப் பிடித்தது, சட்டையில் ஒட்டாது. கெலாய்டு வரும் உடம்பு என்றால் தடிப்பு தழும்பைத் தாண்டிப் பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் தோல் மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசி உண்டு.

பின்சேர்க்கை: சேலம், வேலூர் பக்கமிருந்து வந்து இங்கே ஆபரேஷன் செய்துகொள்ளும் இரண்டு மூன்று பேர், டிஸ்சார்ஜ் ஆன ராத்திரியே பஸ் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டிரெயின் எடுத்து, காம்புக் கட்டு பிரித்துப் பார்க்கும் வரை ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள், கூட ஒருவர் இருக்கவேண்டும். செலவுக் கணக்கில் இந்தப் பத்து நாள் வாடகையையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பஸ்ஸைவிட ரயில் நல்லது, கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டிக்குள் நடக்கவேண்டும், உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்துபோகலாம். பையைக் கூட வருபவர் தூக்கட்டும்.