நிலமீட்பு மணல் நிலநடுக்கத்தில் இளகுமா? கையால் கணக்கிட்டுப் பார்க்கும் முறை

தளர்வான மணல் குலுங்கும்போது இறுகப் பார்க்கும். இடுக்கில் இருக்கும் நீருக்கு உடனே வெளியேற வழியில்லாததால் மேலே உள்ள பாரத்தை அது தாங்கத் தொடங்கும், மணல் குழம்பாகிவிடும். 1964 நீகாட்டா நிலநடுக்கத்தில் அடுக்குமாடிகள் பெரிதாக உடையாமலேயே சாய்ந்தது இதனால்தான். சிங்கப்பூரை எட்டுவது சுமத்ராவிலிருந்து வரும் அதிர்வு. அசைவு மெதுவானது, ஆனால் நெடுநேரம் நீடிக்கும்.

முதலில் வடிகட்டுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே, 15 முதல் 20 மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் மணல் அடுக்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வரும் கடல் களிமண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உதாரணத்துக்கு ஒரு மணல் நிரப்பு: நீர்மட்டம் 2 மீட்டரில், சோதிக்கும் ஆழம் 6 மீட்டர். அங்கே மொத்த அழுத்தம் 116 கிலோபாஸ்கல். நீரழுத்தத்தைக் கழித்தால் நிகர அழுத்தம் 77. தரை முடுக்கம் 0.05g, நிலநடுக்க அளவு 8.5 என்று வைத்துக்கொள்வோம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் தளத்துக்கு வடிவமைப்பு மதிப்பையே போடுங்கள்.

```
CSR = 0.65 × 0.05 × (116/77) × 0.95 = 0.047
CRR = 1/(34-N) + N/135 + 50/(10N+45)^2 - 1/200
FS  = CRR × 0.72 / CSR
```

முதல் வரி அதிர்வு தரும் சுமை, இரண்டாவது மணலின் தாங்குதிறன், மூன்றாவது பாதுகாப்புக் காரணி. அது 1-க்குக் கீழே இறங்கினால் மணல் இளகும் என்று பொருள். 0.95 ஆழத்துக்கான குறைப்பு, 0.72 நீண்ட அதிர்வுக்கான குறைப்பு. எஸ்பிடி சோதனையில், துளையின் அடிமட்டத்தில் ஒரு குழாயை 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை முறை சுத்தியலால் அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். N என்பது அந்த அடி எண்ணிக்கையை நிகர அழுத்தத்துக்கும் தண்டு நீளத்துக்கும் 60 சதவீத சுத்தியல் ஆற்றலுக்கும் திருத்திய மதிப்பு. சுத்தியல் ஆற்றல் 60 சதவீதம் என்று வைத்தால், இங்கே எண்ணிக்கை 8 என்று பதிவானால் N சுமார் 8.7, FS சுமார் 1.6. கவலையில்லை.

சறுக்குவது அந்த அடி எண்ணிக்கையில்தான். துளைக்குள் இருக்கும் நீர், வெளியே உள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தால், அடியிலிருந்து நீர் உள்ளே பாய்ந்து மணலைக் கிளறிவிடும். துளைக்கருவியை வேகமாக மேலே இழுத்தாலும் அதே கதி. 8 வர வேண்டிய இடத்தில் 3 வரும். FS சுமார் 0.9-க்கு இறங்கும். நல்ல மணலுக்குத் தேவையில்லாமல் செலவு வைக்கும் எண் இது.

கண்டுபிடிப்பது எளிது. சுத்தம் செய்த ஆழத்தையும், சோதனைக்கு முன் தண்டு இறங்கி நின்ற ஆழத்தையும் ஒப்பிடுங்கள். 6 மீட்டர் வரை சுத்தம் செய்த துளையில் தண்டு 5.7 மீட்டரிலேயே நின்றால், 30 சென்டிமீட்டர் மணல் மேலே ஏறியிருக்கிறது. அந்த எண்ணை விட்டுவிடுங்கள். துளையை எப்போதும் நீரால் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள்.

மணலுக்கு சிபிடி கூம்புச் சோதனைதான் என் முதல் தேர்வு. துளையே போடாமல் கூம்பை நேரே நிலத்துக்குள் அழுத்தி இறக்குவதால் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை, மெல்லிய அடுக்குகளும் தெரியும். ஆனால் அதில் மாதிரி கிடைக்காது. மேலே உள்ள சூத்திரம் சுத்த மணலுக்கானது. நுண்துகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் N-ஐத் திருத்த வேண்டும். அதனால் பக்கத்தில் ஒரு துளையாவது போட்டு, மாதிரி எடுத்துச் சலித்துப் பாருங்கள்.