சிக்னலில் மட்டும் காரில் சூடு ஏறுகிறதா?

சித்திரை வெயிலில் கோவை அவினாசி ரோட்டில் ஊர்ந்து போகும்போது சூட்டு முள் ஏறி, நீலாம்பூர் பக்கம் வேகம் பிடித்ததும் தானாக இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள், ஏனென்றால் ஓடும்போது எதிர்காற்றே ஆற்றிவிடும், நின்றால் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்ற வேண்டும். என் பழைய காரில் சத்தமே இல்லை. பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான்.

சரி, ஃபேன் சுற்றியும் சூடு ஏறினால்? கூலன்ட் அளவு சரியாக இருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் பெரும்பாலும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை. சுமார் 80, 90 டிகிரியில் அது திறந்திருக்க வேண்டும். சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், விடாதீர்கள், புதுசு மாட்டச் சொல்லுங்கள். அப்புறம், சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.