கல்வி உதவித்தொகை அறிவிப்பு எழுதுவது எப்படி? அறக்கட்டளைகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை

ஒரு வழிபாட்டுத் தலத்தையோ மதம் சார்ந்த அறக்கட்டளையையோ சேர்ந்தவர்கள் முதன்முறையாகக் கல்வி உதவித்தொகை அறிவிக்கும்போது, அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வெளிவருகிறது: "ஏழை மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். விரைவில் அனுப்பவும். அறங்காவலர்களின் முடிவே இறுதியானது." இதைப் படிக்கும் மாணவருக்கு மூன்று கேள்விகள் எழும். நான் இதில் வருவேனா? எதற்குள் அனுப்ப வேண்டும்? அனுப்பினால் என் வீட்டு நிலைமை ஊருக்குத் தெரிந்துவிடுமா? மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆனால் உண்மையிலேயே கஷ்டப்படுகிற குடும்பம் விண்ணப்பிக்காமல் ஒதுங்கிவிடுவதற்கு அந்தப் பயமே போதும். மூன்றுக்கும் பதில் சொல்லும் அறிவிப்பை எழுதும் வழி கீழே இருக்கிறது.

படி 1: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுங்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்பதைப் பெரும்பாலும் அதுவே வரையறுத்திருக்கும். ஒரே அறக்கட்டளைக்குள்ளும் நிதிக்கு நிதி நிபந்தனை மாறும். இஸ்லாமியர்கள் மதக் கடமையாகக் கொடுக்கும் ஜகாத்தாக வந்த பணத்தை அதற்கென வகுக்கப்பட்ட எட்டு வகையினருக்கு மட்டுமே கொடுக்க முடியும். ஒருவர் தம் பெற்றோர் நினைவாக எழுதிவைத்த கட்டளையில் "பெண் பிள்ளைகளின் படிப்புக்கு" என்று இருந்தால் அதை வேறு எதற்கும் எடுக்க முடியாது. பொது நன்கொடைக்கு இப்படிப்பட்ட கட்டு இருக்காது.

இதைப் பார்க்காமல் "எல்லா மதத்தவரும் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டுவிட்டு, தேர்வுக் கூட்டத்தில் பத்திரத்தைப் பிரித்து ஒரு பகுதியினரைத் தள்ளுவது மிகவும் வேதனையான காரியம். நிபந்தனை இருந்தால் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டு நிதிகள் இருந்தால் அறிவிப்பிலும் அவற்றை இரண்டு பிரிவுகளாகக் காட்டுங்கள்.

படி 2: தகுதியை அளந்து பார்க்கும்படி எழுதுங்கள்

"ஏழை", "வசதியற்ற", "தேவையுள்ள" என்ற சொற்களுக்கு அளவு கிடையாது. தன்மானம் மிக்கவர் "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள்" என்று விலகிக்கொள்வார், துணிந்தவர் விண்ணப்பிப்பார். எனவே ஒரு வருமான எல்லை தேவை. அதைக் குடும்பத்தின் மொத்த வருமானத்தில் வைத்தால் பெரிய குடும்பங்கள் அடிபடும். தலைக்கு எவ்வளவு என்று வைப்பதுதான் நியாயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வீட்டில் ஆறு பேர், மாத வருமானம் 36,000. இரண்டாவது வீட்டில் மூன்று பேர், மாத வருமானம் 24,000. எல்லையை மொத்த வருமானம் 30,000 என்று வைத்தால் முதல் வீடு வெளியே போகும், இரண்டாவது உள்ளே வரும். தலைக்குப் பிரித்தால் முதல் வீட்டில் ஒருவருக்கு 6,000, இரண்டாவதில் 8,000. அதாவது அதிகம் நெருக்கடியில் இருக்கும் வீட்டையே மொத்தக் கணக்கு வெளியே தள்ளியிருக்கிறது. எல்லையைத் தலைக்கு 7,000 என்று வைத்தால் முடிவு தலைகீழாக மாறும்.

எல்லையோடு இரண்டு விளக்கங்களையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்று, குடும்பம் என்றால் யார் யார்? ஒரே வீட்டில், ஒரே செலவில் வாழ்பவர்கள் என்று சொன்னால் தாத்தா பாட்டியும் கணக்கில் வருவார்கள். இரண்டு, எந்தக் காலத்து வருமானம்? தினக்கூலிக்காரருக்கும் பருவத் தொழில் செய்பவருக்கும் ஒரு மாதம் நிறையும், மறு மாதம் காலியாகும். கடந்த 12 மாத வருமானத்தைக் கூட்டி 12-ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.

சான்றுகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சம்பளச் சீட்டு இல்லாதவர்களே உங்கள் விண்ணப்பதாரர்களில் அதிகம் இருப்பார்கள். "சம்பளச் சீட்டு அல்லது பெற்றோர் கையெழுத்திட்ட வருமான உறுதிமொழி" என்று எழுதினால்தான் அவர்களால் உள்ளே வர முடியும். படிக்கிறார் என்பதற்குக் கல்வி நிறுவனத்தின் சான்று போதும். வழிபாட்டுத் தலத்தின் தலைவரிடம் "இவர் ஏழை" என்று கடிதம் வாங்கி வரச் சொல்லாதீர்கள். அந்தக் கடிதத்தைக் கேட்கப் போகும் இடத்திலேயே ரகசியம் போய்விடும். பரிந்துரை அவசியம் என்றால் "இந்த மாணவரை எனக்குத் தெரியும்" என்ற ஒரு வரி மட்டும் கேளுங்கள், எதற்கு என்ற விவரமே அதில் வேண்டாம்.

படி 3: கடைசித் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கூட்டத்தில் யாரோ சொன்ன தேதியைப் போடாதீர்கள். மாணவர் கட்டணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து பின்னால் வாருங்கள். உதாரணமாகக் கட்டணம் ஆகஸ்ட் 10-க்குள் கட்டியாக வேண்டும் என்றால், பணம் ஜூலை 31-க்குள் கைக்குப் போக வேண்டும். அதற்குத் தேர்வு ஜூலை 24-க்குள் முடிய வேண்டும். விண்ணப்பங்களைப் படித்துச் சரிபார்க்க இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தேவை. விடுபட்ட தாள்களை அனுப்ப மாணவருக்கு ஒரு வாரம் கொடுத்தால் அது ஜூலை 7-இல் முடியும். ஆகவே கடைசித் தேதி ஜூன் 30. அறிவிப்பு அதற்கு ஐந்து வாரம் முன், மே 26-இல் வெளியாக வேண்டும். படிப்புச் சான்று வாங்கவே சிலருக்கு இரண்டு வாரம் ஆகிவிடும் என்பதால் இந்த ஐந்து வாரத்தில் கை வைக்காதீர்கள்.

தேதியை எழுதும்போது கிழமையையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். போன வருட அறிவிப்பைத் திருத்தி வெளியிடும்போது கிழமை மட்டும் பழையபடியே நின்றுவிடும். "நள்ளிரவு 12 மணி" என்று எழுதினால் அது அன்றைய தொடக்கமா முடிவா என்ற குழப்பம் வரும், "மாலை 5 மணி" என்றால் வராது. தபாலில் போட்ட தேதியா, உங்கள் கைக்கு வந்து சேர்ந்த தேதியா என்பதையும் சொல்லியாக வேண்டும். தாமதமாக வருவதை ஏற்பதில்லை என்று எழுதினால் ஒருவருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். அறங்காவலருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் தளர்த்தினால் அந்தச் செய்தி கட்டாயம் வெளியே போகும்.

படி 4: ரகசியத்தை வாக்குறுதியாக எழுதுங்கள்

அறிவிப்பில் அதிக கவனம் தேவைப்படும் பகுதி இதுதான். "விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்ற ஒரு வரியை யாரும் நம்புவதில்லை, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். யார் பார்ப்பார்கள், என்ன செய்யமாட்டீர்கள் என்று சொன்னால்தான் நம்பிக்கை வரும்.

முதலில் பார்ப்பவர்களின் எண்ணிக்கையைச் சுருக்குங்கள். விண்ணப்பத்தைப் பிரித்து எண் கொடுக்கும் ஒருவர், தேர்வு செய்யும் மூவர், அவ்வளவுதான். எண் கொடுப்பவர் பெயர், முகவரி, பெற்றோர் பெயர் உள்ள முதல் பக்கத்தைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். தேர்வுக் குழு வெறும் எண்ணோடுதான் விண்ணப்பத்தைப் படிக்கும். இது நடக்க வேண்டுமானால் விண்ணப்பப் படிவத்திலேயே பெயர் முதல் பக்கத்தில் மட்டும் வருமாறு அச்சடிக்க வேண்டும். பெயரை மறைத்தும் அடையாளம் தெரிந்துபோனால், உறவினரோ நெருங்கியவரோ ஆன உறுப்பினர் அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும்.

அடுத்து, பொதுவாக ரகசியம் கசியும் இடங்களை அடைத்துவிடுங்கள். சந்தேகம் கேட்பதற்காக விண்ணப்பத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. தேர்வானவர்கள் எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் முகவரி தெரிந்துவிடும். உறையின் மேல் "ஏழை மாணவர் உதவி" என்று அச்சடித்திருந்தால் தபால் கொண்டு வருபவரிலிருந்து பக்கத்து வீடு வரை தெரியும். சான்று உண்மையா என்று கல்லூரிக்குத் தொலைபேசினால், "இந்த மாணவர் உங்களிடம் படிக்கிறாரா?" என்று மட்டும் கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நன்கொடையாளர் கணக்குக் கேட்பது நியாயம், ஆனால் அவருக்கு எண்ணிக்கையும் தொகையும் போதும். அதிலும் கவனம் வேண்டும். "மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவருக்கு உதவினோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதி, அந்தச் சமூகத்தில் மருத்துவம் படிப்பவரே ஒருவர்தான் என்றால் பெயரைப் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அத்தகைய இடங்களில் பாடப்பிரிவைச் சொல்லாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

காப்பாற்ற முடியாத வாக்குறுதி எதையும் கொடுக்காதீர்கள். தணிக்கையாளர் கணக்கைப் பார்ப்பார், சட்டப்படி கேட்டால் விவரம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு விலக்குகளையும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் மற்ற வாக்குறுதிகள் மேல் நம்பிக்கை கூடும்.

படி 5: அறங்காவலர்களின் உரிமை

தகுதியுள்ள எல்லாருக்கும் கொடுக்க நிதி போதாது என்பதால் தேர்வு செய்யும் உரிமையை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் "முடிவே இறுதியானது" என்று மட்டும் எழுதினால் வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றே அர்த்தமாகும். எதைப் பார்த்து முடிவெடுப்பீர்கள் என்ற வரிசையையும் அதோடு சொல்லுங்கள்.

மாதிரி அறிவிப்பு

மேலே சொன்னதை எல்லாம் சேர்த்தால் இப்படி வரும். தொகையையும் தேதியையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

> எங்கள் அறக்கட்டளையின் பொதுக் கல்வி நிதியிலிருந்து இந்த ஆண்டு 20 மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படும். எந்த மதத்தவரும் விண்ணப்பிக்கலாம்.
>
> தகுதி: பள்ளிப் படிப்பை முடித்து உயர்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே செலவில் வாழ்பவர்களின் கடந்த 12 மாதச் சராசரி மாத வருமானம் தலைக்கு 7,000-க்கு மேற்படக் கூடாது. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழி தரலாம்.
>
> கடைசித் தேதி: 2026 ஜூன் 30, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணிக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும். விடுபட்ட சான்றுகளை மட்டும் ஜூலை 7 வரை அனுப்பலாம். முடிவு ஜூலை 24-க்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிவிக்கப்படும்.
>
> ரகசியக் காப்பு: உங்கள் விண்ணப்பத்தை நால்வர் மட்டுமே பார்ப்பார்கள். தேர்வுக் குழுவுக்குப் பெயர் காட்டப்படாது. பெயர்ப் பட்டியலோ படமோ எங்கும் வெளியிடப்படாது. நன்கொடையாளர்களுக்கும் பெயர் தெரிவிக்கப்படாது. தணிக்கைக்கும் சட்டத் தேவைக்கும் மட்டும் இதில் விலக்கு உண்டு. தேர்வாகாத விண்ணப்பங்கள் 90 நாட்களில் அழிக்கப்படும்.
>
> தேர்வு: தகுதி இருப்பதால் மட்டும் உதவித்தொகை உறுதியாகாது. முதலில் தலைக்கு வருமானம், பிறகு நோய், இறப்பு போன்ற திடீர் நெருக்கடி, அதன் பிறகு வேறு உதவி கிடைக்காமை என்ற வரிசையில் பார்த்து அறங்காவலர்கள் முடிவெடுப்பார்கள்.

படி 6: வெளியிடும் முன் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்

அறக்கட்டளையோடு தொடர்பில்லாத, கல்லூரி வயதுள்ள ஒருவரிடம் இதைக் கொடுத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆறு பேர் உள்ள, மாதம் 40,000 வருமானம் வரும் வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கலாமா? ஜூன் 29-இல் தபாலில் போட்டு ஜூலை 2-இல் வந்து சேர்ந்தால் ஏற்பார்களா? ஒரு சான்று மட்டும் விடுபட்டால் என்ன செய்யலாம்? யார் யாருக்கு என் பெயர் தெரியும்? மேலே உள்ள மாதிரிப்படி முதல் கேள்விக்குப் பதில் "ஆம்", தலைக்கு 6,667 வருகிறது. இரண்டாவதற்கு "இல்லை". மூன்றாவதற்கு "ஜூலை 7 வரை அனுப்பலாம்". நான்காவதற்கு "விண்ணப்பத்துக்கு எண் கொடுப்பவருக்கு, அது தவிர தணிக்கைக்கோ சட்டத்துக்கோ தேவைப்பட்டால்". படித்தவர் எந்தப் பதிலில் தடுமாறுகிறாரோ அந்தப் பத்தியைத் திருத்தி, வேறொருவரிடம் மறுபடி படிக்கக் கொடுங்கள்.