வரிசைமாற்றச் சோதனையின் p-மதிப்பைப் பின்னமாகவும் எழுதுங்கள்

மாதிரி சிறிதாக இருக்கும்போது, வரிசைமாற்றச் சோதனையின் p-மதிப்பைத் தசமத்தில் மட்டும் தராமல், சாத்தியமான மொத்தப் பிரிப்புகளின் பின்னமாகவும் எழுதுங்கள்: "சராசரிகளின் வேறுபாடு, இருபுறச் சோதனை, 70 பிரிப்புகளும் கணக்கிடப்பட்டன, p = 4/70 = 0.057." எட்டுப் பேரை நால்வர் நால்வராகப் பிரிக்க 70 வழிகளே உள்ளதால், அவற்றுள் எத்தனை பிரிப்புகளில் நாம் கண்ட அளவோ அதனினும் பெரிதோ ஆன வேறுபாடு வருகிறது என்று எண்ணினாலே போதும், விளைவின் பரவலை ஊகிக்க வேண்டியதில்லை. குழுவுக்கு மூவர் மட்டுமே என்றால் பிரிப்புகள் 20 தான். இரு குழுக்களையும் இடம் மாற்றினாலும் அதே அளவு வேறுபாடே வருவதால், இருபுற p-மதிப்பு 2/20, அதாவது 0.1-க்குக் கீழே இறங்கவே முடியாது என்பதைப் பின்னத்தின் பகுதி எண்ணே காட்டிவிடும் என்பதால், அங்கே "வேறுபாடு இல்லை" என்று முடிவு கட்டுவது நியாயமன்று.

ஒரே நபரிடம் முன்னும் பின்னும் எடுத்த இணை அளவீடுகளுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. அங்கே ஒவ்வோர் இணையின் வேறுபாட்டுக் குறியையும் மாற்றி எண்ண வேண்டும்.