பைக்கில் போன் சார்ஜர்: பேட்டரியிலிருந்து ஹேண்டில் வரை நடக்கும் தவறுகள்

ஃபியூஸை ஹேண்டில்பார் பக்கம், சார்ஜருக்கு முன்னால் மாட்டுவதுதான் பெரிய தவறு. மாற்றுவதற்கு எளிது என்று அங்கே வைத்துவிடுகிறார்கள். ஃபியூஸ் இருப்பது முதலில் வயரைக் காப்பாற்ற; போனுக்கு அப்புறம்தான். பேட்டரியிலிருந்து வரும் வயர் டேங்குக்கு அடியில் ஒரு மீட்டர் ஓடுகிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்தில் அது தினமும் உரசி, தோல் தேய்ந்து ஃபிரேமில் பட்டுவிட்டால், ஷார்ட் ஆகும் மின்சாரம் ஃபியூஸ் வழியாகப் போகவே போகாது. வயர் பழுத்து எரியும், மேலே பெட்ரோல் டேங்க். அதனால் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

எத்தனை ஆம்பியர்? 5 வோல்ட், 2 ஆம்பியர் போர்ட் என்றால் 10 வாட். வெப்பமாகப் போவதையும் சேர்த்து 12 வாட் என்று வைத்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுப்பது 1 ஆம்பியர்தான். 0.75 சதுர மி.மீ. செம்பு வயரும் 2 ஆம்பியர் ஃபியூஸும் போதும். "அடிக்கடி போகுது" என்று 10 ஆம்பியர் போடாதீர்கள். போகிறதென்றால் எங்கோ வயர் உரசுகிறது, அதைத் தேடுங்கள்.

அடுத்தது, பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர். மலிவு என்று 7805 ஐசியைப் போடுவார்கள். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். 1 ஆம்பியர் ஓடினால் போனுக்குப் போவது 5 வாட், ஐசியில் சூடாக வீணாவது 9 வாட். சூடு ஏறியதும் அது தானாக நின்றுவிடும், ஆறியதும் மறுபடி ஓடும். போனில் சார்ஜ் குறி வந்து வந்து போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அவ்வளவு சூடாக வீணாக்காமல் வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வாங்குங்கள், அதுவும் 5 வோல்ட் நிலையாகத் தருவதாக. திருகி அளவு வைக்கும் போர்டு என்றால் முதலில் மீட்டரில் 5.1 வோல்ட் வைத்து, திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள். வண்டி அதிர்வில் திருகு நகர்ந்தால் அடி வாங்குவது போன்.

கன்வெர்ட்டரை நேரே பேட்டரியில் விட்டுவைத்தால் போன் இல்லாதபோதும் அது கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் ஹவர். 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி எட்டு நாளில் பாதியாகிவிடும்; ஊருக்குப் போய்த் திரும்பினால் செல்ஃப் எடுக்காது. இதற்கு, சாவி போட்டால் மட்டும் கன்வெர்ட்டரை பேட்டரியோடு இணைக்கும் நான்கு முனை ரிலே வேண்டும்: 30-ல் ஃபியூஸிலிருந்து வரும் வயர், 87-ல் கன்வெர்ட்டர், 85-ல் எர்த், 86-ல் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயர். அந்த வயரை மீட்டர் வைத்தே தேர்ந்தெடுங்கள். பழைய சிறு பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் வயரில் ஓடுவது ஏசி, அது உதவாது.

வேலை தொடங்கும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். டேங்கை மூடுமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, கழுத்தில் வயர் இழுபடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.