"மதிப்பீடு" கட்டணத்தோடு போய்ச் சேர்ந்த கதை: மெனுவுக்காக அட்டை அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம். வார நாள்களில் உள்ளூர்க்காரர்கள் படிக்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் ஊழியர்கள் வருவார்கள். நிலையத்தின் தமிழ் இணையத்தளத்துக்குப் புது மெனு அமைக்கும் வேலை எனக்கு வந்தது. எல்லாத் தகவலும் தளத்தில் இருந்தது. ஆனாலும் "ரிசல்ட் எங்கே பார்ப்பது?" என்று கேட்டு அலுவலகத்துக்குத் தினமும் அழைப்பு வந்துகொண்டிருந்தது. மாணவர்கள் எதை எதோடு சேர்த்து நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, கார்டு சார்ட்டிங் செய்தோம்.

முறை எளிமையானதுதான். தளத்தில் உள்ள ஒவ்வொரு விஷயத்தையும் ஓர் அட்டையில் எழுதி, மாணவரிடம் கொடுத்து, ஒன்றோடு ஒன்று சேரும் என்று அவருக்குத் தோன்றுகிறபடி அடுக்கச் சொல்ல வேண்டும். அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு குவியலுக்கும் அவரே பெயர் வைப்பார். தலைப்புகளை முன்கூட்டியே கொடுத்து, அவற்றின் கீழ் அட்டைகளைப் போடச் சொல்வது இன்னொரு வகை. மாணவரின் எண்ண ஓட்டம் தெரிய வேண்டுமென்றால் முதலில் தலைப்பே கொடுக்கக் கூடாது. கொடுத்தால், நம் தலைப்புகளுக்குள் அவர் எப்படியோ சமாளித்துப் போட்டுவிடுவார். அந்தத் தலைப்பே அவருக்கு அந்நியமானது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அட்டையில் எழுதும் சொற்களில்தான் பெரிய தவறு நடக்கும். எங்களுக்கும் அங்கேதான் நடந்தது. முதல் சுற்றில் நிலையத்தின் பக்கத் தலைப்புகளை அப்படியே அட்டையில் ஏற்றினோம். "பாதுகாப்புப் பயிற்சி அட்டவணை", "பாதுகாப்புப் பயிற்சிக்கான தகுதி", "பாதுகாப்புக் காலணியும் தலைக்கவசமும்" என்று ஏழு அட்டைகள் ஒரே சொல்லில் தொடங்கின. அடுக்கியவர்களில் பெரும்பாலானோர் அந்த ஏழையும் ஒரே குவியலில் போட்டார்கள். பார்க்க ஒருமித்த முடிவு போலத்தான் இருந்தது. உண்மையில் அவர்கள் பொருளைப் பார்க்கவில்லை, ஒரே மாதிரித் தெரிந்த சொல்லைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு குவியலில் உள்ள எல்லா அட்டைக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தால், அந்தக் குவியலை நம்ப வேண்டாம்.

அடுத்தது அலுவலகச் சொல். இங்கே டபிள்யூஎஸ்கியூ என்ற அரசாங்கத் தொழில்திறன் தகுதிப் படிப்புகளில் பரீட்சையை "மதிப்பீடு" என்றுதான் எழுதுவார்கள். முடிவிலும் பாஸ், பெயில் என்று இருக்காது. தகுதி பெற்றார், இன்னும் தகுதி பெறவில்லை என்று இருக்கும். ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த ஓர் அண்ணன் "மதிப்பீட்டு விவரங்கள்" என்ற அட்டையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "கட்டணம்" அட்டைக்குக் கீழே வைத்தார். "ஏண்ணே அங்க வச்சீங்க?" என்று கேட்டேன். "எவ்வளவு செலவாகும்னு போட்டுப் பார்க்கிறதுதானே தம்பி மதிப்பீடு?" என்றார். கட்டட வேலையில் இருப்பவருக்கு அதுதான் பொருள். அவர் பக்கம் எந்தத் தப்பும் இல்லை.

இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. அன்றைக்கு நான் பக்கத்தில் உட்காராமல், கணினியில் இழுத்துப் போடச் சொல்லிவிட்டு முடிவை மட்டும் பார்த்திருந்தால், "மதிப்பீடும் கட்டணமும் ஒரே குவியல்" என்று ஒரு வரி கிடைத்திருக்கும். அதை நம்பி இரண்டையும் ஒரே மெனுவில் வைத்திருப்பேன். அட்டை எங்கே போனது என்பதை விட, ஏன் போனது என்று அவர் வாயால் சொல்வதுதான் முக்கியம். இணையவழியில் பலரிடம் செய்வதாக இருந்தாலும், முதலில் நாலைந்து பேருடனாவது நேரில் உட்கார வேண்டும்.

அட்டைகளைத் திருத்தி எழுதினோம். "பரீட்சையில் பெயில் ஆனால் மறுபடி எழுதுவது", "முதல் நாள் என்ன எடுத்து வர வேண்டும்", "சான்றிதழ் தொலைந்துவிட்டால்" என்று மாணவர் கேட்கும் தோரணையிலேயே இருந்தன. கட்டுமானத் துறைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர் முடித்தாக வேண்டிய அடிப்படைப் பயிற்சிக்கு இப்போது நீளமான அதிகாரபூர்வப் பெயர் இருக்கிறது. ஆனால் எல்லோர் வாயிலும் இன்னும் பழைய "சிஎஸ்ஓசி"தான். அட்டையிலும் அதையே போட்டோம். அறுபதுக்கும் மேல் இருந்த அட்டைகளை 32 ஆகக் குறைத்தோம். அதற்கு மேல் போனால், வாரமெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர் பாதியில் களைத்து, மிச்சத்தை "மற்றவை" என்று ஒதுக்கிவிடுவார். புரியாத அட்டைக்கென்று ஒரு மூலையையும் ஒதுக்கிக் கொடுத்தோம்.

இந்தச் சுற்றில் குவியல்களின் வடிவமே மாறியது. நிலையத்தின் மெனு சேர்க்கை, நிதி, மாணவர் சேவை என்று அலுவலகப் பிரிவுகளின்படி இருந்தது. மாணவர்களோ சேர்வதற்கு முன், வகுப்பு நாளில், பரீட்சை முடிந்த பிறகு என்று காலத்தின்படி அடுக்கினார்கள்.

அப்புறம் கணக்குப் போடும் இடம். இரண்டு அட்டைகளை எத்தனை பேர் ஒரே குவியலில் வைத்தார்கள் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் எண்ணிப் பார்ப்பார்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு டல்லிஸ், வுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் செய்த ஆய்வைக் காட்டுவது வழக்கம். 168 பேர் அடுக்கியதோடு ஒப்பிட்டபோது, 15 பேரின் முடிவே ஏறக்குறைய அதே படத்தைக் கொடுத்தது. ஆனால் அந்த 15 ஒரே மாதிரியான மாணவர் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். எங்களிடம் இரண்டு கூட்டம் இருந்ததால் 15 உள்ளூர்க்காரர், 15 ஊழியர் என்று எடுத்தோம். "கட்டணம்", "பதிவு செய்வது" ஆகிய ஜோடியை 30 பேரில் 15 பேர் சேர்த்து வைத்திருந்தார்கள். சரிபாதி. மாணவர்களுக்கே தெளிவில்லை என்று அதை ஒதுக்கியிருக்கலாம். பிரித்துப் பார்த்தால், உள்ளூர்க்காரரில் 13 பேர் சேர்த்திருக்கிறார்கள், ஊழியரில் 2 பேர்தான். காரணம் வெளிப்படை. 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர், படிப்புச் செலவுக்கு அரசாங்கத்திடமிருந்து தமக்குக் கிடைத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து கட்டலாமா என்று பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்வார். ஒர்க் பர்மிட்டில் இருப்பவருக்கு அந்தத் தொகை கிடையாது, பெரும்பாலும் கம்பெனியே கட்டிவிடும். அவருக்குக் கட்டணம் என்பது முதலாளியின் விஷயம். இரண்டு தரப்பையும் கலந்து சராசரி எடுத்தால், யாருமே நினைக்காத ஒரு மெனுதான் கையில் நிற்கும்.

குவியலுக்கு அதிகம் பேர் வைத்த பெயரை அப்படியே மெனுவில் ஏற்றுவது கடைசித் தவறு. பரீட்சைக்குப் பிந்திய குவியலுக்குப் பலர் "சர்டிபிகேட்" என்று பெயர் வைத்தார்கள். அதை வைத்து, படம், அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் மெனுச் சொற்களை மட்டும் காகிதத்தில் எழுதி, வேறு 15 பேரிடம் காட்டினோம். "போன வாரம் எழுதினீர்கள், தேறிவிட்டீர்களா என்று பார்க்க எங்கே தொடுவீர்கள்?" என்று கேட்டோம். கேள்வியில் மெனுச் சொல் எதுவும் வரக் கூடாது. வந்தால் விடையை நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். 8 பேர்தான் சரியாகப் போனார்கள். மற்றவர்கள் "வகுப்பு நாள்" பக்கம் போனார்கள். ஒரு தங்கச்சி சொன்னார்: "பாஸ் ஆனாத்தானே சர்டிபிகேட்? இன்னும் தெரியலையே." கையில் எல்லா அட்டையும் இருக்கும்போது வைக்கும் பெயர் வேறு, ஒன்றைத் தேடிப் போகும்போது கண் தேடும் சொல் வேறு.

"ரிசல்ட், சான்றிதழ்" என்று மாற்றி, இன்னொரு 15 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டோம். 14 பேர் நேராக அங்கே போனார்கள். சர்டிபிகேட்டா சான்றிதழா என்று அலுவலகத்தில் நெடுநேரம் வாதம் நடந்திருந்தது, ஆனால் அந்தச் சொல்லில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை.